ஒரு கோப்பா, நாற்பது கோப்பா?

அனேக் தமிழ் எழுத்துருவைக் கூகுள் ஃபாண்ட்ஸிலிருந்து இறக்கி ஜிப்பைப் பிரித்தால் உள்ளே இரண்டு விதமான சரக்கு இருக்கும். மேலேயே கிடக்கிறது `AnekTamil-VariableFont_wdth,wght.ttf` என்று நீளமான பெயரோடு ஒற்றைக் கோப்பு; எல்லாத் தடிமனையும் அகலத்தையும் தனக்குள்ளேயே வைத்திருக்கும் வேரியபிள் கோப்பு இது. அதன் பக்கத்தில் `static` என்றொரு கோப்புறை. அதற்குள் தின், லைட், ரெகுலர், போல்ட் என்று எட்டுத் தடிமன்கள், ஒவ்வொன்றும் ஐந்து அகலங்களில், ஆக நாற்பது ஸ்டாட்டிக் கோப்புகள். எழுத்துரு ஒன்றுதான். மும்பையின் ஏக் டைப் குழு வரைந்தது. ஆனால் எதை நிறுவுவது, எதைச் சர்வரில் ஏற்றுவது, எதை அச்சகத்துக்கு அனுப்புவது என்று கேட்டால் மூன்றுக்கும் ஒரே பதில் வராது.

முதல் தடவை நான் இரண்டையும் சேர்த்து நிறுவினேன். எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்ற நினைப்பு. இன்டிசைனின் எழுத்துருப் பட்டியலில் ஒரே குடும்பப் பெயர் இரண்டு தடவை நின்றது. தலைப்பில் பயன்படுத்தியது எந்தக் கோப்பின் செமிபோல்ட் என்று எனக்கே தெரியவில்லை. கோப்பைத் திறந்த நண்பரின் கணினியில் பாதித் தலைப்புகள் பிங்க் நிறப் பட்டையோடு 'எழுத்துரு இல்லை' என்று நின்றன. இரண்டையும் ஒரே கணினியில் ஒன்றாக வைக்கக் கூடாது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

நான் பார்க்கும் வேலை இது: ஒரு சிறு பத்திரிகையின் இணையதளம், அதோடு வருஷத்துக்கு ஒரு முறை அச்சில் வரும் ஆண்டு மலர். இரண்டிலும் அனேக் தமிழ்தான். இந்த ஒப்பீடும் அந்த இரண்டு வேலைகளையும் ஒட்டித்தான் போகும்.

வேரியபிள் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். 'ப' எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத் தூணின் இடது ஓரம் 100 என்ற இடத்திலும் வலது ஓரம் 180 என்ற இடத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது ரெகுலர், அதாவது தடிமன் 400. போல்டில், அதாவது 700இல், வலது ஓரம் 240க்குப் போக வேண்டும். ஸ்டாட்டிக் முறையில் இரண்டு கோப்புகள்: ஒன்றில் 180, மற்றதில் 240. வேரியபிள் கோப்பில் ரெகுலர் வடிவம் மட்டும் முழுசாக இருக்கும். அந்தப் புள்ளிக்கு எதிரே, 'போல்ட் நோக்கிப் போனால் 60 கூட்டு' என்ற குறிப்பு இருக்கும். 550 கேட்டால் பாதித் தூரம்; 30 கூட்டி 210இல் நிறுத்திவிடும். இந்தக் கூட்டல் குறிப்புக்கு டெல்டா என்று பெயர். ஒவ்வொரு எழுத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் இப்படி எழுதி வைத்திருப்பதுதான் மொத்த வித்தை. மாறக்கூடிய ஒவ்வொரு திசையும் ஓர் அச்சு. தடிமனுக்கு `wght`, அகலத்துக்கு `wdth`. அனேக் தமிழில் தடிமன் 100 முதல் 800 வரையும், அகலம் 75 முதல் 125 வரையும் போகும்.

யோசனை புதிதில்லை. 1990களின் தொடக்கத்திலேயே அடோபியும் ஆப்பிளும் தனித்தனியாக இதைச் செய்து பார்த்தன, நிலைக்கவில்லை. 2016 செப்டம்பரில் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நான்கும் ஒன்றாக வந்து ஓபன்டைப் 1.8இல் சேர்த்த பிறகுதான் ஊன்றியது. 2018 வாக்கில் முக்கியமான உலாவிகள் எல்லாம் வேரியபிள் எழுத்துருவைப் படிக்கக் கற்றுவிட்டன. உலாவி ஆதரவு பற்றிய கவலையை இன்று தாராளமாக விட்டுவிடலாம்.

சரி, இணையதளம். எல்லோரும் முதலில் சொல்வது கோப்பு அளவு. அதில் பாதிதான் உண்மை. ஒரு வேரியபிள் கோப்பு ஒரு ஸ்டாட்டிக் கோப்பைவிடப் பெரியது, ஏனென்றால் டெல்டாக்களுக்கும் இடம் வேண்டும். ஆனால் எழுத்துகளை இணைக்கும் விதிகள், எழுத்து இடைவெளி அட்டவணைகள் எல்லாம் அதற்குள் ஒரு தடவைதான் இருக்கும். ஸ்டாட்டிக்கில் ஒவ்வொரு கோப்பும் அவற்றைத் திரும்பத் திரும்பச் சுமக்கிறது. கணக்குக்காக ஒரு ஸ்டாட்டிக் கோப்பு 30 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், தடிமன் அச்சு மட்டும் உள்ள வேரியபிள் கோப்பு 50, 55 என்று வரலாம். ரெகுலரும் போல்டும் மட்டும் போதும் என்றால் 60க்கு 55. லாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவதாகச் செமிபோல்ட் சேர்ந்தால் 90க்கு 55. அப்போதுதான் வேரியபிள் ஜெயிக்கிறது. அகல அச்சும் கூட இருந்தால் டெல்டாக்கள் பெருகும், கோப்பு இன்னும் கொழுக்கும். கணக்கு மறுபடியும் மாறும்.

கணக்கில் அகப்படாத இன்னொன்றும் உண்டு. ஸ்டாட்டிக்காக இருந்தால் ரெகுலர் கோப்பை மட்டும் முன்கூட்டியே அழைத்து, கட்டுரையை உடனே படிக்கத் தரலாம். போல்ட் பின்னால் மெதுவாக வரட்டும். வேரியபிள் கோப்பு முழுசாக வந்து சேர்ந்தால்தான் அந்த எழுத்துருவில் எதுவும் தெரியும். சிக்னல் இரண்டு கோடு காட்டும் ஊரில் அலைபேசியில் படிப்பவருக்கு இது பெரிய வித்தியாசம். ஆகவே உடல் எழுத்தும் ஒரு போல்டும் மட்டும் உள்ள வலைப்பதிவுக்கு இரண்டு ஸ்டாட்டிக் கோப்புகளையே நான் சொல்வேன்.

அப்படியானால் எங்கள் தளத்தில் ஏன் வேரியபிள் போட்டேன்? காரணம் தடிமன் இல்லை, அகலம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் இரண்டு சின்னச் சொற்களாக ஒரு பொத்தானுக்குள் அடங்குவது தமிழில் 'கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?' என்று வந்து நிற்கும். தலைப்பில் 'அறிமுகப்படுத்தப்பட்டுள்ளது' ஒற்றைச் சொல்லாக வந்தால் அலைபேசித் திரையில் முழு வரியையும் அடைத்துக்கொள்ளும், சில சமயம் வெளியேயும் தள்ளும். வழக்கமான வைத்தியம் எழுத்தின் அளவைக் குறைப்பது. குறைத்தால் புள்ளியும் சுழியும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. சிலர் எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவார்கள். அப்போது 'ப'வின் செங்குத்துத் தூண் மெலியும், கிடைக்கோடு அப்படியே தடித்து நிற்கும். பார்த்தாலே கோணல் தெரியும். அகல அச்சில் 88க்குப் போனால் தூணின் தடிமன் அநேகமாக அப்படியே இருக்கும், உள்வெளி மட்டும் சுருங்கும். எழுத்தாளன் கையால் நெருக்கி எழுதியது மாதிரி இருக்கும். எங்கள் பொத்தான்களுக்கு 88, நீளமான தலைப்புகளுக்கு 92, உடல் எழுத்துக்கு 100. இதை ஸ்டாட்டிக்கில் செய்ய வேண்டுமென்றால், கிடைக்கிற ஐந்து அகலங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தடிமனுக்கு ஒரு கோப்பு, அகலத்துக்கு ஒரு கோப்பு என்று ஆறேழு கோப்புகள் வைக்க வேண்டியிருக்கும்.

இருள் பயன்முறை இன்னொரு காரணம், ஆனால் சின்னது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து கொஞ்சம் தடித்துத் தெரியும். 400ஐ 370க்கு இறக்கினால் சமமாகிவிடும். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் யாரும் புகார் சொல்லப் போவதில்லை. நான் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

முழு வேரியபிள் கோப்பை அப்படியே ஏற்ற வேண்டும் என்பது கட்டாயமில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. நமக்குத் தடிமன் 400 முதல் 700 வரை, அகலம் 85 முதல் 100 வரை போதும் என்றால் மீதியை வெட்டி எறியலாம். ஃபாண்ட்டூல்ஸ் என்ற இலவசப் பைத்தான் கருவி இதைச் செய்யும். woff2 கோப்பு எடுக்க புரோட்லி என்ற துணைப்பொதியும் நிறுவியிருக்க வேண்டும். முதல் கட்டளை அச்சுகளைக் குறுக்குகிறது, இரண்டாவது தேவையில்லாத எழுத்துகளை நீக்குகிறது. (கோப்பின் நீளமான பெயரை முதலில் `AnekTamil.ttf` என்று சுருக்கிக்கொண்டேன்.)

```
fonttools varLib.instancer AnekTamil.ttf wdth=85:100 wght=400:700 -o AnekWeb.ttf

pyftsubset AnekWeb.ttf --unicodes="U+0020-007E,U+00A0,U+0B82-0BFA,U+200C-200D,U+2013-2014,U+2018-201D,U+20B9,U+25CC" --layout-features="*" --flavor=woff2 --output-file=AnekWeb.woff2
```

இரண்டாவது கட்டளையில் `U+200C` இருப்பதைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்துதானே என்று அதை விட்டுவிடத் தோன்றும். ஆனால் க், ஷ இரண்டும் ஒட்டி க்ஷ ஆகாமல் தனித்தனியே நிற்க வேண்டிய இடத்தில் நடுவே இருப்பது அதுதான். எழுத்துருவில் அது இல்லாவிட்டால் உலாவி அந்த இடத்தில் வேறு எழுத்துருவைத் தேடிப் போகவும் கூடும். எழுத்துருவின் உரிமத்தையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். அனேக் தமிழ் திறந்த உரிமத்தில் இருப்பதால் வெட்டலாம், ஒட்டலாம். காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவில் இதற்கு அனுமதி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் சிஎஸ்எஸ். நான் பார்த்த தமிழ்த் தளங்களில் வேரியபிள் எழுத்துரு போட்டும் போல்ட் அசிங்கமாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஓரிரு வரிகள் இல்லாததுதான்:

```css
@font-face {
  font-family: "Anek Web";
  src: url("/fonts/AnekWeb.woff2") format("woff2");
  font-weight: 400 700;
  font-stretch: 85% 100%;
  font-display: swap;
}
```

`font-weight: 400 700` என்று வரம்பைச் சொல்லாவிட்டால், சில உலாவிகள் இதை 400 மட்டுமே உள்ள கோப்பு என்று எடுத்துக்கொள்ளும். தலைப்புக்கு 700 கேட்டால், கோப்புக்குள் நிஜமான போல்ட் இருந்தும் தொடாமல், ரெகுலர் எழுத்தின் மேல் தானாகவே சாயம் பூசிப் போலி போல்ட் செய்துவிடும். ஆங்கிலத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. தமிழில் 'ண', 'ஞ', 'ஷ' மூன்றையும் பாருங்கள்: உள்வெளி அடைத்துப் போயிருக்கும், 'ண்' மேலுள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டப் பார்க்கும். சந்தேகம் வந்தால் `font-synthesis: none` என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். போல்ட் மறைந்து எல்லாம் ரெகுலராகிவிட்டால், இதுவரை பார்த்தது போலி. `font-stretch` வரியை விட்டாலும் இதே கதைதான். பொத்தானுக்கு 88% கேட்டாலும் 100இலேயே நிற்கும்.

இன்னொரு பொறி `font-variation-settings`. ஒரு இடத்தில் `"wght" 600`, வேறொரு இடத்தில் `"wdth" 88` என்று எழுதினால் இரண்டும் சேராது. பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும். தடிமனுக்கும் அகலத்துக்கும் பழைய `font-weight`, `font-stretch` இரண்டுமே போதும்.

இந்த ஒப்பீடே தேவைப்படாத இடமும் உண்டு. முக்தா மலர் பிடித்திருக்கிறது என்றால் அது ஏழு ஸ்டாட்டிக் கோப்புகளாகத்தான் கிடைக்கிறது, பேச்சு முடிந்தது. மீரா இனிமைக்கு ஒரே ஒரு தடிமன்தான். வேரியபிள் வேண்டும் என்பதற்காக எழுத்துருவை மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி அச்சு வேலை. இங்கே நிலைமை தலைகீழ், அதற்குக் காரணம் பிடிஎஃப். பிடிஎஃப் தரத்தில் வேரியபிள் எழுத்துரு என்ற ஒன்றே கிடையாது. நீங்கள் என்ன தடிமன், என்ன அகலம் வைத்தாலும், ஏற்றுமதி செய்கிற நேரத்தில் மென்பொருள் அந்த நிலையை உறைய வைத்து ஒரு ஸ்டாட்டிக் எழுத்துருவாகவோ வெறும் கோட்டு வடிவமாகவோ உள்ளே வைக்க வேண்டும். அதாவது காகிதத்துக்குப் போவது எப்படியும் ஸ்டாட்டிக்தான். உறைய வைப்பது யார், எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறார் என்பதுதான் கேள்வி. இன்டிசைன் 2020 பதிப்பிலிருந்து வேரியபிள் எழுத்துருவை ஏற்கிறது, பெரும்பாலும் ஒழுங்காகவே பிடிஎஃப் தருகிறது. அரைகுறையாகப் புரிந்துகொண்ட மென்பொருள்கள் இயல்புநிலையை மட்டும் எடுத்து வைத்துவிடும். திரையில் போல்டாக இருந்த தலைப்பு பிடிஎஃபில் ரெகுலராக வரும். உலாவியிலிருந்து நேரே பிடிஎஃப் எடுத்தால் சில சமயம் டைப் 3 வகையாக உட்காரும். அந்த வகையை ஏற்காத அச்சகங்கள் உண்டு.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. அக்ரோபாட்டில் ஆவணப் பண்புகளில் எழுத்துருப் பட்டியல் இருக்கும். கட்டளைவரி பழகியவருக்கு:

```
pdffonts malar.pdf
```

`emb` என்ற பத்தியில் எல்லாமே `yes` ஆக இருக்க வேண்டும். வகைப் பத்தியில் `Type 3` என்று கண்டால் நிறுத்தி என்னவென்று பாருங்கள். நீங்கள் மூன்று தடிமன் பயன்படுத்தியிருந்தால் மூன்று பெயர்கள் தெரிய வேண்டும்; ஒன்றுதான் தெரிகிறது என்றால் மற்ற இரண்டும் உறையாமல் போயிருக்கின்றன.

எங்கள் மலரில் தப்பு நடந்தது வேறு இடத்தில். பிடிஎஃப் சரியாகவே இருந்தது. ஆனால் அச்சகத்தில் கடைசி நேரத்தில் ஒரு விளம்பரத்தின் தொலைபேசி எண்ணைத் திருத்தச் சொன்னேன். அவர்கள் அந்தப் பக்கத்தை இல்லஸ்ட்ரேட்டரில் திறந்தார்கள். பிடிஎஃபுக்குள் இருப்பது எழுத்துருவின் துண்டுதான். திருத்த வேண்டுமென்றால் முழு எழுத்துருவும் அந்தக் கணினியில் இருக்க வேண்டும். நான் 560 தடிமன், 92 அகலம் என்று என் இஷ்டத்துக்கு வைத்திருந்தேன். அந்த நிலைக்கு இன்டிசைன் ஏதோ ஒரு பெயர் கொடுத்திருந்தது. அந்தப் பெயரில் உலகத்தில் எந்தக் கோப்பும் கிடையாது. இல்லஸ்ட்ரேட்டர் வேறு எழுத்துருவை மாற்றிப் போட்டது, பக்கத்தின் ஒற்றைக்கொம்பு எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. புரூஃப் பார்த்ததால் தப்பித்தோம். செமிபோல்ட் ஸ்டாட்டிக் கோப்பைப் பயன்படுத்தி, அதையும் பிடிஎஃபோடு அனுப்பியிருந்தால் அவர்கள் நிறுவிக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் முடித்திருப்பார்கள். தப்பு என்னுடையதுதான்.

இரண்டாவது பிரச்சினை ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகள். வேரியபிள் எழுத்துருவில் ஓர் எழுத்து பல துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்து வரையப்பட்டிருக்கும். தூண் ஒரு துண்டு, வளைவு ஒரு துண்டு. இவற்றை முன்கூட்டியே ஒட்டிவிட்டால் லைட்டிலும் போல்டிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒத்துப்போகாது, டெல்டாக் கணக்கு குலைந்துவிடும். அதனால் ஒட்டாமல் விடுகிறார்கள். சாதாரண அச்சில் எல்லாம் ஒரே கறுப்பு என்பதால் தெரியாது. ஆனால் மலர் வெளியீட்டு விழாவுக்குப் பேனர் செய்தோம். மேடைக்கு வினைல் ஸ்டிக்கரில் வெட்டிய எழுத்துகள். வினைல் வெட்டும் பிளாட்டருக்குக் கறுப்பு, வெள்ளை தெரியாது, கோடுதான் தெரியும். படிந்த இடத்திலெல்லாம் கத்தி ஓடும். 'ம' மூன்று துண்டாகக் கையில் வரும். எழுத்தைச் சுற்றி வேறு நிறத்தில் பார்டர் போட்டாலும் உள்ளே அந்தக் கோடுகள் பல்லிளிக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் எழுத்தைக் கோடாக மாற்றிவிட்டு Ctrl+Y அழுத்தினால் உள்ளே குறுக்கே ஓடும் கோடுகள் உடனே தெரியும். பாத்ஃபைண்டரில் ஒன்றுசேர்த்தால் சரியாகிவிடும். ஸ்டாட்டிக் கோப்புகளில் பொதுவாக இந்த ஒட்டு வேலையை முடித்தே தருகிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் அச்சு வேலையில் வேரியபிள் கோப்பை நான் தூக்கிப் போடவில்லை. முடிவெடுக்கும் கட்டத்தில் அதற்கு ஈடில்லை. சாதாரண நியூஸ்பிரிண்டில் மை பரவும். அதே 400 தடிமன் மேப்லித்தோ தாளில் அச்சானதைவிடக் கனமாகத் தெரியும். கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்தென்றால் நேர் எதிர், மை உள்ளே ஏறி எழுத்து மெலியும். மலரின் உட்பக்கங்களுக்காக ஒரே பத்தியை 10.5 புள்ளியில் 360, 380, 400, 420 என்று நான்கு தடவை அடுக்கி, நாங்கள் வாங்கப் போகும் அதே தாளில் ஒரு சோதனைப் பக்கம் அச்சடித்துப் பார்த்தேன். திரையில் நான்கும் ஒரே மாதிரி இருந்தன. தாளில் 380தான் கண்ணை உறுத்தாமல் இருந்தது. ஸ்டாட்டிக் கோப்புகளில் 300க்கு அப்புறம் 400தான்; இடையில் ஒன்றும் கிடையாது.

சரி, 380 வேண்டும், ஆனால் அச்சகத்துக்கு ஸ்டாட்டிக் கோப்பு வேண்டும். நாமே வார்த்துக்கொள்ள வேண்டியதுதான்:

```
fonttools varLib.instancer AnekTamil.ttf wght=380 wdth=100 --remove-overlaps -o Malar380.ttf
```

வரம்பு இல்லாமல் ஒற்றை எண் கொடுத்ததால் இது முழு ஸ்டாட்டிக் கோப்பாக வரும். படிந்த கோடுகளும் ஒட்டப்பட்டிருக்கும். இதற்கு ஸ்கியா-பாத்ஆப்ஸ் என்ற துணைப்பொதியும் நிறுவியிருக்க வேண்டும். ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது: கோப்பின் பெயர் மாறினாலும், எழுத்துருவின் உள்ளே எழுதியுள்ள பெயர் பழைய அனேக் தமிழ் என்றே இருக்கும். அப்படியே நிறுவினால் நான் முதலில் சொன்ன இரட்டைக் குழப்பம் திரும்பி வரும். ஃபாண்ட்ஃபோர்ஜில் திறந்து குடும்பப் பெயரையும் போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயரையும் மாற்றி, புதிய ttf கோப்பாக ஏற்றுமதி செய்த பிறகுதான் நிறுவ வேண்டும்.

அச்சகம் இன்னும் பேஜ்மேக்கரில் ஓடுகிறது என்றால் இதில் எதுவும் பேச்சுக்கே வராது. யூனிகோட் தமிழே அதில் ஒழுங்காக வராது; அவர்களிடம் இருப்பது பழைய குறியாக்கத்தில் உள்ள ஸ்டாட்டிக் எழுத்துருக்கள். அங்கே பிடிஎஃபை மட்டும் கொடுத்து, 'திருத்தம் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் மாற்றித் தருகிறேன்' என்று சொல்லிவிடுவது நல்லது.

இப்போது என் கணினியில் மூல வேரியபிள் கோப்பு நிறுவப்படாமல் ஒரு கோப்புறையில் தனியாகக் கிடக்கிறது. சோதனைப் பக்கம் போடும் நாளில் மட்டும் நிறுவி, முடிந்ததும் எடுத்துவிடுகிறேன். தளத்தில் இருப்பது அதிலிருந்து வெட்டிய `AnekWeb.woff2`. மலருக்கு `Malar380.ttf`, கூட ஜிப்பில் வந்த செமிபோல்டும் போல்டும். மூன்றையும் பிடிஎஃபோடு சேர்த்து அனுப்புகிறேன். அடுத்த மலருக்குத் தாள் மாறப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. மாறினால் 380 செல்லாது, சோதனைப் பக்கத்தை முதலிலிருந்து போட வேண்டும்.